பெட்டியில் வைத்த ராஜ்மா

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு என் மகள் முதல் தடவை வாந்தி எடுத்தாள். கடிகாரத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. பதினொன்றரைக்கு இரண்டாவது. பன்னிரண்டுக்குள் நாலாவது முடிந்து, பதின்மூன்று வயதுப் பெண் குளியலறைத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாள். கை ஜில்லென்றிருந்தது.

காலையில் அவள் தின்றது இரண்டு தோசையும், நான் செய்த கடலைக் கறியும். வெள்ளைக் கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் கலந்த கறி. அவளுக்குக் கடலை பிடிக்காது. ராஜ்மாவை மட்டும் பொறுக்கித் தின்றாள். "அம்மா, கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டேதான் தின்றாள். "நல்லா மென்னு தின்னு" என்றேன். அதைச் சொன்ன வாய் இதுதான்.

அந்தக் கறியை நான் எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு இரண்டு நாளாகப் பைப்புத் தண்ணீர் வரவில்லை. பிடித்து வைத்திருந்த நாலு குடமும் குடிக்கத்தான் என்று, கடலையையும் ராஜ்மாவையும் போர்வெல் தண்ணீரில் ஊறவைத்தேன். சனிக்கிழமை முழுப் பகலும் ஊறி நன்றாகத்தான் உப்பின. கேஸ் தீரும் நிலையில் இருந்தது. பதிவு செய்த சிலிண்டர் வரவில்லை. குக்கரில் வைத்து நடுவில் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதனால் தினமும் மட்டை அரிசிச் சோற்றுக்குச் செய்வதையே செய்தேன். தக்காளியும் சேர்த்து ஒரு கொதி வரவிட்டு, பானையை மூடிச் சூடாறாப் பெட்டிக்குள் இறக்கிவிட்டேன். பஞ்சு மெத்தை போன்ற உள்ளுறையுள்ள பெட்டி. சூடு வெளியே போகாது, அடுப்பில்லாமலே சோறு வெந்துவிடும். இந்த ஊரில் பாதி வீடுகளில் அது இருக்கிறது. இரவு முழுக்க, ஒன்பது மணி நேரம், உள்ளே இருந்தது. விடியற்காலை ஐந்தரைக்குத் திறந்தபோதும் பானை கை வைக்க முடியாத சூடு. ஒன்றை எடுத்து நசுக்கினேன், நசுங்கவில்லை. சரி, கொஞ்சம் விறைப்பாக இருந்தால் என்ன என்று மசாலாவும் தாளிப்பும் போட்டு இறக்கினேன்.

மகள் தரையில் கிடந்தபோது எதிர் வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். பாலக்காட்டுத் தமிழ்க்காரி. பக்கத்துத் தெருவில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றுக்கு மெஸ் நடத்துகிறாள். வந்தவள் மகளைப் பார்த்தாள், பிறகு நேராக அடுப்படிக்குப் போய்ப் பானையிலிருந்து ஒரு ராஜ்மாவை எடுத்து விரலுக்கிடையில் வைத்து அழுத்தினாள்.

"இது வெந்ததில்லடி. சூடானது."

"ஒன்பது மணி நேரம் பெட்டியில இருந்ததுக்கா."

"தொண்ணூறு மணி நேரம் இருந்தாலும் இதேதான். உன் பெட்டி சோத்துக்குப் பெட்டி, ராஜ்மாவுக்குத் தொட்டில். தூங்க வெச்சிருக்கே நீ. ஆட்டோ கூப்பிடு, வா."

தெருமுனை கிளினிக்கில் டாக்டர் டிரிப் ஏற்றினார். என்ன தின்றாள் என்று கேட்டார். ராஜ்மா என்றதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது, எனக்குத் தெளியவில்லை. சரியாக வேகாத ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது, தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும், வெறும் சூட்டில் அழியாது, நாலைந்து கொட்டையே போதும் என்றார். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி தொடங்கும், பெரும்பாலும் அன்றைக்கே அடங்கிவிடும், உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்போதுதான் எனக்குக் கணவரின் சாப்பாட்டு டப்பா நினைவுக்கு வந்தது. காலை ஆறு மணிக்கு அதே கறியை டப்பா நிறைய அடைத்து அவர் கையில் கொடுத்திருந்தேன். வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணி வரை வண்டி. வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும்.

மணி பன்னிரண்டு நாற்பது. பதினோரு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. கேட் ஆபீஸுக்கு அடித்தேன். எடுத்தவரிடம் பெயரையும் வண்டி எண்ணையும் சொல்லி, "சாப்பாட்டைத் தொட வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் மலையாளத்தில் பொறுமையாக, "சொல்லி நோக்காம் சேச்சி" என்றார். சொல்லிப் பார்க்கிறாராம். சொன்னாரா, யாரிடம் சொன்னார், எனக்குத் தெரியாது. மணி ஒன்று ஆனது. ஒன்றேகால் ஆனது. இந்நேரம் டப்பா திறந்திருக்கும். இரண்டரைக்கு ஸ்டியரிங்கில் இருக்கும்போது வயிறு புரட்டினால்? அந்த நெஞ்சோடு? வாந்தி எடுத்த மகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எடுக்காத ஒருவரின் வாந்திக்காகக் காத்திருந்தேன்.

இரண்டு மணி சுமாருக்கு அக்கா ஒரு சிறிய தூக்கோடு கிளினிக்குக்குத் திரும்பி வந்தாள். எங்களை விட்டுவிட்டுப் போனவள், பானை கொள்ளாமல் நான் பிரிட்ஜில் வைத்திருந்த ஊறின பயறை மெஸ்ஸுக்கு எடுத்துப் போயிருந்தாள்.

"பாரு. அதே கடலைதான், அதே ராஜ்மாதான்." மூடியைத் திறந்து ஒன்றை நசுக்கினாள். வெண்ணெய் போலப் போனது.

"என்ன பண்ணினீங்க?"

"ஊறின தண்ணியக் கொட்டினேன். பைப்புத் தண்ணி ஊத்தி, கால் ஸ்பூன் சோடா, கொஞ்சம் உப்பு. பத்து நிமிஷம் தளதளன்னு கொதிக்க விட்டேன், அப்புறம் குக்கர். உங்க போர்வெல் தண்ணில கெட்டில் அடில வெள்ளையாப் படியுமில்ல, அந்தச் சுண்ணாம்பு தோலையும் உள்ளையும் இறுக்கிடும். சோடா அதை விடுவிக்கும். நீ தக்காளி வேற முதல்லயே போட்டே. புளிப்பு பட்டா அது பிடிவாதம் பிடிக்கும், பயறு வெந்தப்புறம்தான் புளிப்பு. இது எப்ப வாங்கினது?"

போன மே மாதம் பிராட்வே கடைத்தெருவில் மொத்தமாக வாங்கியது. மழைக்காலம் முழுக்க அடுப்புக்கு மேல் தட்டில், தகர டப்பாவில்.

"சூடும் ஈரமும் பட்டுக் கிடந்த கிழட்டுப் பயறு. ஊறும், உப்பும், வேகாது. இதுலயும் நாலஞ்சு கல்லு நின்னுடுச்சு, பொறுக்கிப் போட்டேன். கடலை வேகலைன்னா வயித்துல காத்துதான். ராஜ்மா அப்படி இல்லடி. சோடா போட்டு மெத்துன்னு ஆனாலும் கொதிக்காம மட்டும் குடுத்துடாதே."

தலையாட்டினேன். ஒரு சொல்லும் மண்டையில் நிற்கவில்லை. மூன்று மணிக்கு மகள் ஒரு வாய் கஞ்சித் தண்ணீர் குடித்து அதை உள்ளேயே வைத்துக்கொண்டாள். மூன்றரைக்கு அடித்தபோது அவர் போன் அணைந்திருந்தது. அவர் பைக்கில் வைப்பின் துறைக்கு வந்து, வண்டிகளை ஏற்றிக் கடக்கும் ஜங்கார் படகில் ஏறி ஃபோர்ட் கொச்சியில் இறங்குவார். ஜங்காரில் மயங்கி விழுவதாக, பைக்கோடு தண்ணீரில் போவதாக, கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தேன். "உன் முகத்தைப் பாத்தா பிள்ளைக்கு மறுபடி வாந்தி வரும், வெளியே போய் நில்லு" என்று அக்கா என்னைத் துரத்தினாள்.

நாலு மணி பத்துக்குக் கிளினிக் வாசலில் அவர் பைக் வந்து நின்றது. தெருவில் யாரோ சொல்லி நேராக இங்கே வந்திருக்கிறார். போனில் சார்ஜ் இல்லையாம். கேட் ஆபீஸ் செய்தி எதுவும் அவருக்கு வரவில்லை. நான் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "சாப்பிட்டீங்களா? அந்தக் கறியைச் சாப்பிட்டீங்களா?"

அவர் வாசல் வழியே உள்ளே கட்டிலில் இருந்த மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குற்றம் செய்தவர் போலச் சொன்னார்: "ஒண்ணு கடிச்சேன், பல்லு ஆடிப்போச்சு, துப்பிட்டேன். கேன்டீன்ல சாயாவும் பழம்பொரியும்தான் தின்னேன். நல்லா இருந்ததுன்னு உன்கிட்ட எப்படிப் பொய் சொல்றதுன்னுதான் வழி முழுக்க யோசிச்சுக்கிட்டு வந்தேன்."