மஞ்சள் சேலையில் ஓடிய கோடுகள்

அண்ணன் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன பிறகு ஆந்திர எல்லைப் பக்கம் புத்தூரில் எங்கள் சேலைக்கடையை அண்ணிதான் பார்த்துக்கொண்டார். கடைக்கு வருகிறவர்கள் குறைந்ததும், இணையத்தில் நேரலையாகச் சேலை விற்பது என்று முடிவெடுத்தார். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நான் கேமராமேன். இதற்காகவே அண்ணன் அங்கிருந்து ஒரு புதுக் கேமரா அனுப்பியிருந்தான். கடை முழுக்கப் புதிதாக எல்.இ.டி. விளக்குகளும் போட்டாயிற்று.

முதல் நேரலையில் அண்ணி ஒரு வெறும் மஞ்சள் சேலையை விரித்துப் பிடித்தார். கரை கிடையாது, பூ கிடையாது. தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடித்து அதன் புகழைப் பாடிக்கொண்டிருந்தார். கேமராவின் குட்டித் திரையில் ஏதோ மினுக்கியது. குட்டித் திரைதானே, அப்படித்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

நேரலை முடிவதற்குள் அண்ணியின் போனில் ஆர்டர்கள் கொட்டின. வாடிக்கையாளர்கள் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். எல்லாம் அந்த மஞ்சள் சேலைதான். ஆனால் ஒவ்வொரு படத்திலும் அதன் குறுக்கே அகலமாக மங்கிய பட்டைகள்.

"இன்னா தம்பி இது? கோடு போட்ட சேலை நம்ம கிட்ட எங்க கீது?"

அதற்குள் சித்தூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "ஆ சாரல சீரே காவாலம்மா" என்றார். கோடு போட்டதுதான் வேண்டுமாம். வெறும் மஞ்சள்தான் இருக்கிறது என்று அண்ணி சொன்னதும், நல்லதையெல்லாம் சொந்தக்காரர்களுக்கு ஒளித்து வைத்துக்கொண்டதாகக் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

அடுத்து அண்ணன் கூப்பிட்டான். "டேய், சேலைய வுடு. உங்க அண்ணி மூஞ்சிலயே கோடு ஓடுது. வரிக்குதிரைய கட்டிக்கினா மாரி கீதுடா."

ஸ்பீக்கர் போட்டிருந்ததை நான் சொல்வதற்குள் அண்ணி போனை வாங்கிக்கொண்டார். அமெரிக்காவில் உடனே சிக்னல் போய்விட்டது.

விளக்குதான் மினுக்குகிறதோ என்று, அதைப் போட்ட எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் ஸ்டூலில் ஏறி எல்லா விளக்கையும் அண்ணாந்து பார்த்தார். "எந்த லைட்டுண்ணா மினுக்குது? உன் கேமராவுக்குத்தான் கண்ணு நோவு" என்று சொல்லி இறங்கினார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லைதான். சேலையைத் தெருவில் வெயிலில் பிடித்து எடுத்தேன். ஒரு கோடும் இல்லை. உள்ளே வந்ததும் மறுபடி ஓடியது. என் பழைய கல்யாணக் கேமராவை அதே விளக்கடியில் வைத்தேன். படம் துடைத்துவிட்டது போலக் கோடில்லாமல் இருந்தது. எலக்ட்ரீஷியன் ஜெயித்தவர் மாதிரி சிரித்தார்.

இரண்டு கேமராக்களையும் அருகருகே வைத்து எண்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது. பழையதில் ஷட்டர் திறந்து வெளிச்சம் வாங்கும் நேரம் ஐம்பதில் ஒரு பங்கு நொடி. புதியதில் அறுபதில் ஒரு பங்கு. அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு அறுபது சுற்று. அந்த ஊர்க் கணக்கோடு புதுக் கேமரா வந்திருந்தது. நம் ஊரில் ஐம்பது. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். ஆக நொடிக்கு நூறு சிமிட்டல். கண் அதைப் பிடிப்பதில்லை. கேமராவோ படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக எடுக்கிறது. அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் சிமிட்டல்கள் முழுசாக அடங்காததால் சில வரிகளுக்கு வெளிச்சம் கூடுதலாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் கிடைக்கிறது. அதுதான் பட்டை. ஐம்பதில் ஒரு பங்கு என்றால் எல்லா வரிக்கும் சரியாக இரண்டு சிமிட்டல்.

"உங்க லைட்டும் மினுக்குதுதான்" என்றேன். எலக்ட்ரீஷியன் சிரிப்பை நிறுத்தி மறுபடி அண்ணாந்து பார்த்தார்.

ஷட்டரை ஐம்பதுக்கு மாற்றினேன். கோடுகள் மறைந்தன. நான் பெருமையோடு திரும்பினால், அண்ணி வெறும் மஞ்சளாய்த் தெரிந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சா? எல்லாரும் அதத்தான கேட்டுக்கினு கீறாங்க!"

மறுநாளே வாடிக்கையாளர்கள் அனுப்பிய கோடு போட்ட படங்களை எடுத்துக்கொண்டு, பக்கத்து நெசவு ஊரான நகரிக்குப் போனார். எங்களுக்கு வழக்கமாக நெய்து தருகிற விசைத்தறிக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த டிசைனு யாருதும்மா?"

"கரண்ட்டுதுங்க" என்றாராம் அண்ணி.

மங்கிய பட்டை போட்ட மஞ்சள் சேலைகள் வந்தன, விற்றன. சித்தூர் அம்மாவும் ஒன்று வாங்கிக்கொண்டு, ஒளித்து வைத்ததை எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி சொன்னார். இல்லை, இது புதிதாக நெய்தது என்று அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் நம்பவே இல்லை.