முதல் வாக்கியத்தில் இருந்த முகவரி

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பில்லிங் கம்பெனியின் மூன்றாவது மாடி. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு கிருத்திகா அந்த வீடியோவைப் பார்த்தாள். பள்ளியிலிருந்து மகனின் வகுப்பு ஆசிரியை அனுப்பியிருந்தார். பார்த்தவள் டப்பாவை மூடாமல் எழுந்து, மாடிப்படிக்குப் போய், சுவரோடு சாய்ந்து நின்று அழுதாள்.

துக்கத்தில் வந்த அழுகை அல்ல அது. அவள் மகன் கவின் பேசியிருந்தான்.

ஒன்றாம் வகுப்புக்கு வந்தும் கவினுக்குத் தனித்தனி வார்த்தைகள்தான் இருந்தன. தண்ணி. வா. மாமா. அதற்கு மேல் எதுவானாலும் விரல் நீட்டிக் காட்டுவான். பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறாள். வீட்டில் தினமும் படம் காட்டிப் பேசுகிறாள். அப்படிப்பட்ட பிள்ளை அந்த வீடியோவில், டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இங்கிலீஷில் ஒரு முழு வாக்கியம் சொன்னான். பெயர் சொன்னான். படிக்கும் பள்ளியின் பெயரை எழுத்து விடாமல் சொன்னான். எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்றும் சொன்னான். தொலைந்துபோனால் சொல்வதற்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் வாக்கியம் அது. முடித்ததும் வகுப்பே கைதட்டியது. கவின் பயந்துபோய்க் காதைப் பொத்திக்கொண்டான்.

சாயங்காலம் சந்தாபுரா வீட்டுக்குள் நுழையும்போதே தம்பி சீனு போனை நீட்டிக்கொண்டு வந்தான். ஐடி கம்பெனி ஒன்றுக்குக் கேப் ஓட்டுபவன் அவன், அக்காவோடுதான் இருக்கிறான்.

“அக்கா, வீடியோ அனுப்பினியே, பத்து வாட்டி பாத்துட்டேன். ஸ்டேட்டஸ் வெச்சிடட்டா?”

“வெச்சே, கைய உடைப்பேன்.”

“என்னக்கா நீ, சினிமா வில்லன் மாதிரி…”

“சீனு.”

அந்த ஒரு சொல்லிலேயே அவன் முகம் சுருங்கியது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

காரணம் இருவருக்கும் தெரியும். கிருத்திகா தன் கணவன் இளங்கோவனின் அடி தாங்காமல், கைப்பிள்ளையோடு வாணியம்பாடியிலிருந்து பெங்களூர் வந்தவள். முதலில் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தார்கள். கவினை எல்.கே.ஜி.யில் சேர்த்த அன்று, மருமகன் யூனிஃபார்மில் நிற்பதைப் படம் எடுத்து, சந்தோஷத்தில் ஸ்டேட்டஸ் வைத்தான் சீனு. ஊர்க்காரர் யாரோ அதை இளங்கோவனுக்கு அனுப்பினார். சட்டைப் பையில் இருந்த பள்ளி முத்திரையைப் பெரிதாக்கிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? ஒரு நாள் அவன் பள்ளி வாசலுக்கே வந்து, “நான் அவன் அப்பா” என்று சொல்லிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் போலீஸ் கண்டுபிடித்துத் திருப்பித் தந்தபோது கவின் அழவில்லை. அதுவரை பேசிக்கொண்டிருந்த நாலு வார்த்தையும் போய்விட்டது. மாதக்கணக்கில் வீட்டில் அவன் குரலே கேட்கவில்லை.

பிள்ளை தாயிடம்தான் இருக்க வேண்டும், அவன் படிக்கும் பள்ளிப் பக்கம் தகப்பன் போகக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆனாலும் அவள் வீட்டை மாற்றினாள், பள்ளியை மாற்றினாள், போன் நம்பரையும் மாற்றினாள். எங்கே இருக்கிறாள் என்று தெரியாதவரைக்கும்தான் அவளுக்குத் தூக்கம்.

ஆனாலும் இந்தச் செய்தியை அவள் ஒரு இடத்தில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

பேச்சு தாமதமான பிள்ளைகளின் பெற்றோருக்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு தமிழ்க் குழு இருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர். அதில் கிருத்திகாவுக்குப் பெயர் ‘மழலை அம்மா’. சொந்தப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. கவின் வாயே திறக்காத அந்த மாதங்களில் அவளைத் தாங்கிப் பிடித்தவர்கள் முகம் தெரியாத இந்தத் தாய்மார்கள்தான். அவர்களில் ஒருத்தி திருவண்ணாமலைப் பக்கத்துத் தனக்கோடி. அவள் மகள் இன்னும் பேசவில்லை. மற்றவர்கள் “என் பையன் இன்று அத்தை என்றான்” என்று போடும்போதெல்லாம் கிருத்திகா இதயக் குறி போட்டிருக்கிறாள். தன் பங்குக்கு ஒரு நாள் எழுத மாட்டோமா என்று ஏங்கியிருக்கிறாள். அந்த நாள் வந்துவிட்டது!

ராத்திரி கவின் தூங்கியதும் எழுதிப் பார்த்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், எதிர்வீட்டு மமதாவைக் கூப்பிட்டாள். மமதாவுக்குத் தாய்மொழி கன்னடம். அதே கம்பெனியில்தான் வேலை. தமிழில் சண்டை போடும் அளவுக்குத் தமிழ் தெரியும்.

“போடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி பாரு மமதா. நான் பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியுது. நீ இளங்கோவன் கண்ணால பாரு.”

“அவன் கண்ணு எனக்கு எதுக்கும்மா, என் கண்ணே போதும். கொடு.”

வீடியோவை அப்படியே போடக் கூடாது என்று கிருத்திகாவே முடிவு செய்திருந்தாள். குரலில் எல்லாமே இருக்கிறது. அதிலிருந்து ஒரு படத்தை மட்டும் எடுத்து, கவினின் முகத்தின் மேல் பெரிய சூரியகாந்திப் பூவை ஒட்டியிருந்தாள். மமதா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“முகத்துக்குப் பூ வெச்சே, சரி. கீழ டை தொங்குதே? இந்தக் கோடு போட்ட டை இங்க ஒரே ஒரு ஸ்கூலுக்குத்தான். காய்கறிக்காரனைக் கேட்டாக்கூட சொல்வான்.”

“ஐயோ.”

“இரு. பின்னாடி செவுத்துல நோடு.”

கிருத்திகா பார்த்தாள். “நீல பெயின்ட்ல ஏதோ டிசைன் இருக்கு.”

“டிசைனா! கன்னடா அம்மா அது! ஸ்கூல் பேரு பூரா எழுதியிருக்கு.”

இத்தனை வருஷமாகக் கன்னட எழுத்து கிருத்திகாவுக்குக் கோலம் மாதிரிதான். பேசுவாள், படிக்கத் தெரியாது. பஸ்ஸைக்கூட நம்பர் பார்த்து ஏறுகிறவள். தனக்குத் தெரியாதது வாணியம்பாடிக்காரனுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்டாள். மமதா தன் போன் கேமராவை அந்தப் படத்தின் மேல் பிடித்தாள். ஒரு நொடியில் பள்ளியின் பெயர் தமிழிலேயே திரையில் வந்து நின்றது.

“படமே வேண்டாம்” என்று கிருத்திகா அதை நீக்கினாள்.

“பதிவுக்குக் கீழ பாரு, ‘சந்தாபுரா’ன்னு போட்டிருக்கு.”

“அது நான் போடல. அதுவா கேட்டுச்சு, சரின்னு அமுக்கிட்டேன்.”

“அதுவா கேக்கும். நீ இல்லேன்னு சொல்லணும்.”

இடக் குறியும் போனது. பிறகு எழுத்துக்கு வந்தார்கள். ‘ஒன்றாம் வகுப்பு ஏ பிரிவு’ போனது. ஆசிரியையின் பெயர் போனது. ‘ஏரிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பள்ளி’ என்று ஆசையாக எழுதிய வரி போனது. ‘என் கவின்’ என்பது ‘என் மகன்’ ஆனது. மமதா ஒவ்வொன்றாகச் சொல்ல, கிருத்திகா ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியில் மிஞ்சியது மேற்கோள் குறிக்குள் இருந்த அந்த வாக்கியம் மட்டும்தான்.

மமதா அதைப் படித்தாள். பிறகு போனைக் கிருத்திகாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

பெயர், பள்ளி, தெரு. இவ்வளவு நேரம் தேடித்தேடி அழித்ததெல்லாம் கவினின் வாயிலிருந்தே வரிசையாக வந்து நின்றது.

“இதை எடுக்க மாட்டேன்” என்றாள் கிருத்திகா.

“கிருத்திகா…”

“அவன் பேசினது இது மமதா! எம்புள்ள முதல்முதலா பேசினது. இதையும் எடுத்துட்டா நான் என்னத்தச் சொல்றது?”

“பேரு வர்ற இடத்துல புள்ளி வெய்யி.”

“பேச்சே வராத புள்ளைக்கு, வந்த பேச்சுல நான் புள்ளி வெக்கணுமா?”

மமதா எழுந்து அவள் தோளைத் தொட்டாள். “அந்தக் குரூப்ல உனக்கு உன் பேரு இல்ல. அதே மாதிரி அந்த இளங்கோவனும் வேற பேர்ல உள்ள இருந்தா?”

கிருத்திகாவைத் தாயின் பெருமை ஒரு பக்கம் இழுத்தது. ரயில் நிலையத்தில் அழாமல் நின்ற பிள்ளையின் முகம் மறுபக்கம் இழுத்தது. கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் குறியையும் அதற்குள் இருந்ததையும் அழித்தாள். ‘நேற்று என் மகன் ஒரு முழு வாக்கியம் பேசினான்’ என்று மட்டும் எழுதிப் பதிவிட்டாள்.

மமதா வீட்டுக்குப் போனாள். கிருத்திகா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு மாவை ஊற்றினாள். அதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. இதயங்கள், பூக்கள், கும்பிடுகள். எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். தனக்கோடி எழுதியிருந்தாள்: “அக்கா, கேட்டதும் அழுதுட்டேன். என்னதான் சொன்னான்? அவன் சொன்னதை அப்படியே எழுதுங்க. எம்பொண்ணு காதுல படிச்சுக் காட்டணும்.”

என்ன சொல்வாள்? சொல்ல முடியாது என்றால் பொய் என்று நினைப்பார்களோ? தனக்கோடிக்கு மட்டும் தனியாகச் சொல்லிவிடலாமா? முகம் பார்த்திராத தனக்கோடி நிஜத்தில் தனக்கோடிதானா? எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். பள்ளியின் பெயரில் முதல் எழுத்தைத் தட்டி, அப்படியே நின்றாள்.

சேலைத் தலைப்பை யாரோ இழுத்தார்கள்.

“அம்மா.”

“இருடா கண்ணா.”

“அம்மா, தோசை கருகுது.”

கிருத்திகா திரும்பினாள். கல்லிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. கவின் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றான். அவன் விரல் எதையும் காட்டவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்க வைத்ததல்ல. யாரும் கைதட்டக் காத்திருக்கவில்லை. கண்ணால் பார்த்ததை, தன் வீட்டுப் பேச்சில், தானாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்!

அடுப்பை அணைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். புகை வாசனைக்கு ஓடி வந்த சீனுதான் அடுப்பை அணைத்தான்.

“என்னக்கா, வீட்டைக் கொளுத்தறியா?”

“சீனு, இவன் பேசினான்டா! தோசை கருகுதுன்னு சொன்னான்!”

“நெஜமாவா?” சீனு கருகிய தோசையைப் பார்த்தான், மருமகனைப் பார்த்தான். “டேய் ராசா, கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

கிருத்திகா போனை எடுத்தாள். தட்டி வைத்திருந்த அந்த ஒற்றை எழுத்தை அழித்தாள். தனக்கோடிக்குப் பதில் எழுதினாள்: “அம்மா, தோசை கருகுது.” மேற்கோள் குறி போட்டு, ஒரு எழுத்தும் குறைக்காமல் எழுதினாள். பழக்கதோஷத்தில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி மமதாவிடம் காட்டினாள்.

மமதா நிதானமாக இரண்டு தடவை படித்தாள். “ஊரு இல்ல, தெரு இல்ல, ஸ்கூல் இல்ல. தோசை எல்லா வீட்லயும் கருகும். போடு.”

“நானும் கீழ எழுதட்டா?” என்று சீனு போனை எடுத்தான். “என் மருமகன் கவின், சிங்கம்னு.”

“உன் பேர்லயா? உன் போட்டோவோடயா?” என்றாள் அக்கா.

“சரி சரி. நேர்லயே சொல்லிக்கறேன். டேய் சிங்கம்!”

பதிலை அனுப்பி, போனை உள்ளே வைத்துவிட்டுக் கிருத்திகா கல்லைச் சுரண்டிக் கழுவினாள். மறுபடி மாவை ஊற்றினாள். கவின் அவள் பக்கத்தில் நின்று, கல்லைவிட்டுக் கண்ணை எடுக்காமல் காவல் காத்தான்.