பார்த்துவரக் கொடுத்த கூறை

மருதனார்மடச் சந்தியில் இருக்கும் அண்ணையின் புடவைக்கடையில் கணினி வேலை முழுக்க என் தலையில். எங்கள் பிழைப்பு, கலியாணப் பெண் கட்டும் கூறைச்சேலைகள். கடைக்கு ஏறி வருகிற சனம் குறைந்துபோன பிறகு, வெளியூர்களிலிருந்து வந்த இணைய ஓடர்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அவை எங்கள் சொந்த இணையத்தளத்தில் வந்ததை விட, பல கடைகள் சேர்ந்து விற்கும் ஒரு பெரிய இணையச் சந்தையில்தான் அதிகம் வந்தன. அந்தச் சந்தைக்காரர்கள் கடைசி எச்சரிக்கையும் அனுப்பியிருந்தார்கள். சரக்கு இல்லையென்று இன்னும் ஒரு ஓடரை ரத்துச் செய்தால் எங்கள் கணக்கை மூடிவிடுவார்களாம். கணக்குப் போனால் கடையும் போகும் என்பது அண்ணைக்கும் தெரியும்.

பில் போடும் மென்பொருளில் இருக்கிற எண்ணிக்கைதான் எங்களுக்கு மூலம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது இணையத்தளத்துக்கும் சந்தைக்கும் போகும். அங்கே ஒன்று விற்றால் இங்கே ஒன்று குறையும், மற்ற இடத்திலும் குறையும். ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் பில் போடாமல் கடையை விட்டுப் போகிற சேலை அதற்குத் தெரியாது.

எங்கள் ஊரில் பில் போட்டுக்கொண்டா கூறை எடுக்கிறார்கள்? மாப்பிள்ளை வீட்டார் நாலைந்து சேலைகளை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சாமியறையில் வைப்பார்கள், பெண் வீட்டுக்குக் காட்டுவார்கள். பிறகு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பித் தருவார்கள். பில் அப்போதுதான். அதுவரை அவை அலுமாரியில் இருப்பதாகவே மென்பொருள் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும். பாதுகாப்புக்கு ஒன்றை ஒதுக்கி வைத்துக்கொண்டு மிச்சத்தை இணையத்தில் காட்டலாம் என்றால், கூறையில் ஒவ்வொரு ரகமும் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றையும் ஒதுக்கினால் விற்க என்ன இருக்கும்?

அதனால் மென்பொருளில் 'வெளியே' என்று இன்னோர் இடத்தை உண்டாக்கினேன். அங்கே மாற்றிய சேலை இணையத்தில் தெரியாது. கொடுக்கும்போது ஒருமுறை ஸ்கான் பண்ணினால் போதும்.

"உந்தச் சேலையை ஒருக்கா ஸ்கான் பண்ணிப்போட்டுக் குடுங்கோ அண்ணை."

"தெரிஞ்ச சனத்துக்கு முன்னாலை உந்த மெசினைத் தூக்கிப் பிடிக்கிறதோ? தங்களைக் கள்ளரெண்டு நினைக்கிறன் எண்டெல்லோ நினைப்பினம்."

அண்ணையின் மரியாதைக்கு அளவே கிடையாது. அந்த மரியாதையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மயில் கரை வைத்த அரக்குச் சிவப்புக் கூறைக்குச் சந்தையில் ஓடர் வந்தது. கொழும்பில் ஒரு மாப்பிள்ளையின் அக்கா. அலுமாரியைத் திறந்தால் சேலை இல்லை. நீர்வேலியில் ஒரு மாப்பிள்ளையின் தாய் மூன்று சேலைகளோடு அதையும் பார்த்துவரக் கொண்டுபோயிருந்தார்.

"இப்பவே போனிலை கோல் எடுத்துக் கேளுங்கோ. நானே போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"சாமியறையிலை வைச்ச கூறையைத் திருப்பிக் கேக்கிறதோ? அபசகுனம். நான் கேக்கமாட்டன். நீயும் கேக்கக்கூடாது."

"கேக்காட்டி கடையை மூடவேண்டியதுதான்."

"அந்தப் பிள்ளைக்கு வேறை ஒண்டு தாறமெண்டு எழுதிப் பார்."

எழுதினேன். படத்தைப் பார்த்து அதற்கேற்ற ரவிக்கைத்துணி வாங்கி வைத்துவிட்டாராம், வேறெதுவும் வேண்டாமாம். அனுப்புவதற்கான தவணை சனி மாலையோடு முடிகிறது. அனுப்பாமல் விட்டால் சந்தையே ரத்துச் செய்யும், அதுவும் எங்கள் தலையில்தான் விழும். நான் வெட்கத்தை விட்டு அண்ணையிடம் கெஞ்சினேன். அவர் தொலைபேசியைத் தொடவில்லை. நானாக எடுக்கலாமென்றால் நீர்வேலி அம்மாவின் இலக்கம் அவருடைய கைபேசியில்தான் இருந்தது.

சனி மாலை ரத்துச் செய்தேன். ரத்தானதும் மென்பொருள் அந்தச் சேலையை மறுபடி அலுமாரியில் இருப்பதாகக் காட்டத் தொடங்கியது. அழுகை வந்தது. சேலையை நானே 'வெளியே' என்ற இடத்துக்கு மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை கணக்கு மூடப்பட்டிருந்தது. மேன்முறையீடு எழுதினேன். மறுத்து இரண்டே வரிகளில் பதில் வந்தது.

திங்கட்கிழமை நீர்வேலி அம்மா பையோடு வந்து நாலு சேலைகளையும் மேசையில் வைத்தார்.

"குறை நினையாதேங்கோ தம்பி. கலியாணப் பொம்பிளைக்கு ஒண்டும் பிடிக்கேல்லை. வியாழக்கிழமையே சொல்லிப்போட்டுது. எனக்குத்தான் இஞ்சாலை வர நேரம் கிடைக்கேல்லை. ஒரு கோல் எடுத்திருந்தா அண்டைக்கே குடுத்து விட்டிருப்பன்."

"அதுக்கென்னம்மா, பரவாயில்லை," என்று அண்ணை சிரித்தார். வாசல்வரை போய் வழியனுப்பினார்.

திரும்பி வந்து, நான் சொல்லாமலே ஸ்கானரை எடுத்தார்.

"இதை உள்ளுக்கை கொண்டுவர எதை அமத்திறது?"

காட்டினேன். மயில் கரைக் கூறையை ஸ்கான் பண்ணினார். பில் மென்பொருளில் ஒன்று. கொஞ்ச நேரத்தில் இணையத்தளத்திலும் ஒன்று. சந்தைக்கு நேரே 'கணக்கு செயலில் இல்லை' என்று சிவப்பில் வந்தது. தான் எதையோ பிழையாக அழுத்திவிட்டதாக நினைத்து அண்ணை மறுபடியும் ஸ்கான் பண்ணினார்.