வட்டத்துக்குள் இருந்த ஸ்கூட்டர்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பதினோரு வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள் அவள். துணி ஏற்றும் வேனை ஓட்டியவர் ஓய்வு பெறப்போகிறார், லைசென்ஸ் எடுத்தால் அந்த வேலை உனக்கு என்று மேற்பார்வையாளர் சொன்னதும், நாற்பத்திரண்டு வயதில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தாள்.

சொல்லிக்கொடுத்தவள் இருபத்தைந்து தாண்டாத பெண். முதல் வாரமே தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, நேரா போறதுக்கு எதுக்கு நாலு லைட்டையும் சிமிட்ட விடுறீங்க?"

"நேரா போறேன்னு தெரிய வேண்டாமா? என் வீட்டுக்காரர் அப்படித்தான் போடுவார்."

"அது வண்டி பழுதாகி நின்னா போடுறது. ஓடும்போது போட்டா, பக்கத்துல வர்றவனுக்கு ஒரு பக்க லைட்டுதான் தெரியும். நீங்க திரும்புறீங்கன்னு நினைச்சுக்குவான்."

அவள் கணவர் இருபது வருட லாரி ஓட்டுநர். அவளுக்குத் தெரிந்த சாலை விதியெல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததுதான். பெரிய வண்டிக்குத்தான் முதல் வழி. முன்விளக்கை அடித்துக் காட்டினால் எதிரில் வருபவன் நிற்க வேண்டும். ஹாரன் அடித்தபிறகு என்ன நடந்தாலும் நம் மேல் தப்பில்லை. அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டாள்.

"வழி யாருக்குன்னு போர்டு சொல்லும், ரோட்டுல போட்ட கோடு சொல்லும், சிக்னல் சொல்லும். வண்டியோட எடை சொல்லாது. ரவுண்டானாவுல ஏற்கெனவே சுத்துறவங்களுக்குத்தான் வழி. உள்ளே நுழையுறவர் நிக்கணும், சுத்துறது சைக்கிளா இருந்தாலும். அதுக்காக, எனக்குத்தானே வழின்னு போய் மோதிடவும் கூடாது."

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் புரையேறச் சிரித்தார். "உன் வாத்தியாரம்மாவை ஒரு நாள் என் லாரி முன்னாடி வந்து சொல்லச் சொல்லு."

அந்த மாதக் கடைசியில் ஒரு பிற்பகல், வேலை முடிந்து நின்றவளை அவர் லாரியில் ஏற்றிக்கொண்டார். சந்தைக்கு முன்னால் ரவுண்டானா. நுழையும் இடத்தில் வழிவிடச் சொல்லும் தலைகீழ் முக்கோணப் பலகை, தரையில் விட்டுவிட்டுப் போட்ட வெள்ளைக் கோடு. உள்ளே ஒரு ஸ்கூட்டர் பாதி வட்டம் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"என்னங்க, நில்லுங்க! அவங்க உள்ளே இருக்காங்க!"

அவர் விளக்கை இரண்டு முறை அடித்தார், ஹாரனை அழுத்தினார், வேகத்தைக் குறைக்காமல் நுழைந்தார்.

ஸ்கூட்டரில் வந்தவள் தபால் அலுவலக ஊழியை. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அவளைச் சேர்த்திருந்தது இவள் வேலை பார்த்த அதே மருத்துவமனையில்தான். மூன்றாம் நாள் ஒரு போலீஸ் அதிகாரி அங்கே வந்தார். அடிபட்டவளின் கட்டிலருகே, லாரி ஓட்டிய கணவரும் மாமியாரும் கைகட்டி நின்றார்கள்; இவளும் கூட நின்றாள். மருந்து மயக்கம் இன்னும் முழுசாகத் தெளியாத அந்தப் பெண்ணே மெல்லச் சொன்னாள்: "என் தப்புதான் சார். அவ்வளவு பெரிய வண்டி, லைட்டும் போட்டாங்க. நான்தான் ஒதுங்கியிருக்கணும்."

மாமியார் பெருமூச்சு விட்டாள். அதிகாரி எழுதத் தொடங்கினார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். இவளுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. கால் இருந்த இடத்தில் தட்டையாகக் கிடந்த விரிப்பைப் பார்த்தாள். தான் மடித்ததாகவே இருக்கலாம்.

"சார், அப்படி எழுதாதீங்க. இவங்க வட்டத்துக்குள்ளே இருந்தாங்க. நாங்கதான் நுழைஞ்சோம். நிக்க வேண்டியது நாங்க. நான் வண்டியிலதான் இருந்தேன்."

கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் இருந்தது.

கணவரின் லைசென்ஸ் ஒரு வருடத்துக்கு முடக்கப்பட்டது. லாரி முதலாளி வேறு ஆள் போட்டுக்கொண்டார். "கட்டினவனைக் காட்டிக்கொடுத்துட்டியே, நீயெல்லாம் பொம்பளையா" என்று மாமியார் அவள் கையால் தண்ணீர்கூட வாங்குவதை நிறுத்தினாள்.

அடிபட்டவளாவது புரிந்துகொள்வாள் என்று நினைத்து ஒரு நாள் வார்டுக்குப் போனாள்.

"நீங்க உண்மையைச் சொன்னீங்க, சரி," என்றாள் அந்தப் பெண், சுவரைப் பார்த்தபடி. "என் தப்புன்னு நினைச்சப்போ மனசை ஆத்திக்க ஒரு வழி இருந்துச்சு. இப்போ யார் மேலயோ ஆத்திரப்பட்டுட்டே படுத்திருக்கேன். இனிமே வராதீங்க."

லைசென்ஸ் தேர்வில் அவள் முதல் தடவையே தேறினாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கு ஆளில்லை. இப்போது காலை ஆறு மணிக்கே வேனில் துணி ஏற்றுகிறாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. கணவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் அதே கதையைச் சொல்கிறார்: "லைட் அடிச்சேன், ஹாரன் அடிச்சேன். அடிபட்டவளே தன் தப்புன்னு ஒத்துக்கிட்டா. கெடுத்தது யாரு தெரியுமா?"

கேட்பவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அவர் பக்கமே தலையாட்டுகிறார்கள்.