தாளில் இருப்பது மட்டும்

சதுரங்கப்பட்டினத்தில் அந்தத் தெருப் பெண்களுக்கு வாரப் பத்திரிகை என்றால் ஷஹர்பானுதான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள், குரலும் கணீரென்று இருக்கும். அவள் தொடர்கதை வாசிக்க உட்கார்ந்தால் அடுப்பில் சோறு குழைவதுகூட யாருக்கும் உறைக்காது. ஆனால் எழுதியிருப்பதை எழுதியபடி வாசிக்கிற பழக்கம் மட்டும் அவளுக்குக் கிடையாது. கதாநாயகிக்குக் காய்ச்சல் என்று போட்டிருந்தால், கூடவே ஒரு கைராசி டாக்டரையும் வரவழைத்துவிடுவாள். ஒரு வாரம் கதாநாயகி செத்தே போனாள். "வெறும் மயக்கந்தான்" என்று வாசித்துவிட்டு, அடுத்த வாரம் அவளை எப்படி எழுப்புவது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தாள். எதிரில் இருப்பவர் முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த நல்ல மனசுதான் போன வருஷம் அவளுக்கு வரவிருந்த வேலையைக் கெடுத்தது.

செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி லேபுக்கு அட்டெண்டர் தேடினார்கள். ஒரு செய்முறைத் தாளைப் படிக்கக் கொடுத்து, பிறகு அதை வாங்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். கந்தக அமிலத்தை நீர்க்க வைக்கும் முறை அன்றைக்கு. அமிர்தவல்லி டீச்சர், "அமிலம் கலந்த பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் பாட்டிலில் ஊற்றணும்?" என்று கேட்டார். ஷஹர்பானு கொஞ்சமும் தயங்காமல், "அஞ்சு நிமிஷம் டீச்சர்" என்றாள். தாளில் நிமிஷமே இல்லை. ஆறும் வரை என்றுதான் இருந்தது. "முதலில் எதை எடுக்கணும்?" என்றதற்கு, "அமிலம்" என்றாள். தேவையான பொருள்கள் என்ற வரிசையில் அமிலம் முதலில் இருந்தது, அதையே செய்யும் வரிசையாக எடுத்துக்கொண்டாள். உண்மையில் பீக்கரில் தண்ணீரைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

டீச்சர் கோபப்படவில்லை. "நீங்க அழகா பதில் சொல்றீங்கம்மா. ஆனா அஞ்சு நிமிஷத்துல ஆறலைன்னா பாட்டில் வெடிச்சு யார் கையில படும்?" என்று மட்டும் கேட்டார். வேலை வேறொருத்திக்குப் போனது.

அந்த வேறொருத்தி கல்யாணமாகிப் போனதால் இடம் மறுபடி காலியானது. இந்தத் தடவை விட்டால் போச்சு. ஷஹர்பானுவின் புருஷன் பஷீருதீன் கருவாட்டு மூட்டை தூக்கிப் பிழைத்தவன். இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து குனிந்து ஒரு குடம் தூக்க முடியாது. பம்பாயில் டீக்கடை வைத்திருக்கும் அவன் அண்ணன், உட்கார்ந்தபடி பார்க்கிற வேலை இருக்கிறது, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆளுக்குத் தங்க ஒரு மூலை உண்டு, குடும்பத்துக்கு இடம் கிடையாது. இவளுக்கு வேலை கிடைத்தால் அவன் போக வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் ரம்ஜான் கழிந்ததும் ரயில்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் பழைய செய்முறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். பஷீருதீனுக்கு எழுத்து தெரியாது. அவள் வாசிக்க வேண்டும், அவன் கேள்வி கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. படித்தவன் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டான்.

"எவ்ளோ நேரம் கலக்கணும்?"

"ஒரு பத்து நிமிஷம் வெச்சுக்குங்களேன்."

"அப்பிடியா போட்டுகீது?"

புத்தகத்தைப் பார்த்தாள். "இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு சொல்ற?"

அவளுக்குச் சுருக்கென்றது. "நீங்க கேட்டீங்களேன்னுதான். தெரியலன்னு சொன்னா உங்க மூஞ்சி தொங்கிப் போவும்."

பஷீருதீன் புத்தகத்தை மூடி வைத்தான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குப் படிக்கத் தெரியாது பானு. நீ வாயத் தொறந்து சொல்றதுதான் எனக்கு எழுத்து. அதுல நீயா ஒண்ணு சேத்துட்டா, நான் எங்க போய் பாப்பேன்? அங்க படிக்கிற புள்ளைங்களும் உன்னத்தான நம்பி நிக்கும்."

அவள் அழுதுவிட்டாள். ஏழு வருஷக் குடித்தனத்தில் அவன் அவளைக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை, அதையும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அன்றிலிருந்து, அவன் என்ன கேட்டாலும் இருந்தால் சொன்னாள், இல்லாவிட்டால் "அது இதுல இல்லீங்க" என்றாள். அந்த மூணு சொல் தொண்டையை விட்டு வெளியே வர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

கேள்வி கேட்கக் கூப்பிட்ட நாளும் வந்தது. எமர்ஜென்சி காலம், பஸ் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் பஷீருதீனை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். அமிர்தவல்லி டீச்சருடன் தாளாளர் ஜானகிராமனும் உட்கார்ந்திருந்தார். இந்த முறை தாமிர சல்பேட் படிகம் தயாரிக்கும் முறை. அவள் கடைசி வரி வரை ஒரு முறை படித்தாள். கீழே பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கையைப் படித்தாள். பிறகு மறுபடி தலைப்பிலிருந்து தொடங்கினாள். டீச்சர் தாளை வாங்கிக்கொண்டார்.

"நீர்த்த கந்தக அமிலம் எவ்வளவு?"

"இருபது மில்லி."

"அடுத்து?"

"லேசா சூடு காட்டணும், கொதிக்க விடக் கூடாது. அப்புறம் தாமிர ஆக்சைடு, அந்தக் கறுப்புத் தூள், கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கலக்கணும்."

"வடிகட்டுறது எப்போ?"

"சூடா இருக்கும்போதே. வடிஞ்ச நீலத் தண்ணிய பீங்கான் கிண்ணத்துல ஊத்தி, பாதியா வத்தினதும் எறக்கி ஆற வைக்கணும். முழுக்க வத்த விடக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கினுதான் ஆரம்பிக்கணும்."

"சரி. தாமிர ஆக்சைடு எத்தனை கிராம்?"

அஞ்சு கிராம் என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அஞ்சு என்ற எண்ணுக்கும் அவளுக்கும் என்ன சொந்தமோ! பல்லைக் கடித்து அடக்கினாள். அவள் திணறுவதைப் பார்த்த ஜானகிராமனுக்கு இரக்கம் வந்துவிட்டது. "பரவாயில்லம்மா, தோராயமா ஒண்ணு சொல்லுங்க" என்றார். இரக்கப்படுகிற முகத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்வது அவளுக்கு எத்தனை பெரிய கஷ்டம்! மரத்தடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவனை நினைத்தாள்.

"தாள்ல கிராம் கணக்கு இல்லீங்க ஐயா. தூள் இனிமே கரையாம அடியில தங்குற வரைக்கும் போடணும்னுதான் இருந்தது. எத்தனை கிராம்னு எனக்குத் தெரியாது."

ஜானகிராமன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தாளை மடித்து வைத்தார். சிரித்த மாதிரிதான் இருந்தது.

வெளியே வந்தவளைப் பார்த்ததும் பஷீருதீன் நொண்டி நொண்டி ஓடிவந்தான்.

"இன்னா ஆச்சு? வேலை குடுத்துட்டாங்களா?"

"அப்பிடி ஒண்ணும் சொல்லலீங்க."

அவன் முகம் செத்துப்போனது. அவள் அதைப் பார்த்தாள், ஆனாலும் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

"வேற இன்னா சொன்னாங்க? அத்தயாவது சொல்லு."

"திங்கக்கிழம காலைல வரச் சொன்னாங்க. வரும்போது நைலக்ஸ் புடவை வேணாம், தீப் புடிச்சா உடம்போட ஒட்டிக்கும், பருத்திப் புடவை கட்டிகினு வாங்கன்னாங்க. சாவி யார்கிட்ட வாங்கணும்னும் சொன்னாங்க. அவ்ளோதான்."

பஷீருதீன் அவளையே வெறித்துப் பார்த்தான். பிறகு நடுரோட்டில், போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, இடுப்பு வலியையும் மறந்து சிரித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அடியே பானு, லேபுல அடுப்பாண்ட நிக்கப் போறவளுக்குத்தாண்டி பருத்திப் புடவை!"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவன் தோளில் சாய்ந்து விம்மினாள். போகிற லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

"அண்ணனுக்கு இன்னான்னு எழுதுவ?" என்று கேட்டான்.

"அவர் வரமாட்டார்னு எழுதுவேன்."

"அவ்ளோதானா?"

"எனக்கு அவர் பக்கத்துல வேணும்னும் எழுதுவேன். அது நெசம்தான, சேத்தாத் தப்பில்ல" என்றாள்.