கிரியாட்டின் டப்பாவும் என் வீசிங்கும்

சுனாமிக்கு அடுத்த வருஷம். எங்க கபடி டீம்ல நான்தான் ரைடர். எனக்கு சின்ன வயசுலேர்ந்து வீசிங், பையில எப்பவும் இன்ஹேலர் பஃப் இருக்கும். ஒரே மூச்சுல பாடிட்டுப் போகணும், பாடும்போதே நெஞ்சு விசிலடிக்கும். "ரெஃப்ரி, இவன் சொந்தமா விசில் வச்சிருக்கான்"னு எதிர் டீம் கத்துவானுங்க.

குயிலாப்பாளையம் ஜிம் மாஸ்டர் ஒரு டப்பாவ நீட்டினான்.

"கிரியாட்டின் பவுடர், சதைக்கு. தெம்பு வந்துட்டா மூச்சு தானா நிக்கும்."

"நின்னா செத்துடுவேனே மாஸ்டர்!"

"நக்கல் பண்ணாத. அந்தப் பஃப்ப மொதல்ல தூக்கிப் போடு. பழகிடும்."

நானும் பஃப்பத் தூக்கிப் போட்டுட்டுப் பவுடரத் தின்னேன். நான் வேல பாக்குற உப்பளத்துலயே புத்தி கரைஞ்சிருந்துச்சு போல.

பத்து நாள்ல எட ஒன்றரை கிலோ ஏறிடுச்சு. நாங்க ஆடுறது அறுபது கிலோவுக்குள்ள மேட்ச். கேப்டன் தலையில கை வச்சிட்டான்.

மாஸ்டர் அசரல. "அது தண்ணி எடதான். பவுடர விடாத, தண்ணியக் கொற."

மேட்சுக்கு முன்னாடி ரெண்டு நாள், கொளுத்துற வெயில்ல உப்பு வாரிட்டு வாய மட்டும் கொப்பளிச்சுத் துப்பினேன். தராசுல கரெக்டா அறுபது. கைதட்டினானுங்க, முட்டாப்பசங்க. நானும் பல்ல காட்டினேன்.

மூணாவது ரைடுல பாட்டு வரல, மூச்சும் வரல. கோட்டுக்கு இந்தப் பக்கமே மண்ணுல விழுந்தேன். "டேய், நடிக்காதடா"ன்னான் கேப்டன். உதடு நீலமானதப் பாத்து அவனுக்கே அழுக வந்துடுச்சு. பைக்குல நடுவுல உக்கார வச்சு மரக்காணம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினானுங்க.

மாஸ்க் வச்சு மருந்துப் புகை விட்டு, மூச்சு திரும்பினதுக்கப்புறம் டாக்டரம்மா என் பையில இருந்த டப்பாவ வாங்கி ஒட்டியிருந்த லேபிள முழுசா படிச்சாங்க.

"இதுல படபடப்பு குடுக்குற சாமான் எதுவும் கலக்கலன்னு போட்டிருக்கான். ஆனா இது தசைக்கு, மூச்சுக்குழாய்க்கு இல்ல. வீசிங் உள்ளவங்களுக்கு இது ஆகுமான்னு சரியா தெரியாது, அதனால வேணாம். பஃப்ப நிறுத்தச் சொன்னது யாரு?"

"ஜிம் மாஸ்டருங்க."

"அவர்தான் ஒனக்கு வைத்தியரா?"

கிட்னி கோளாறு உண்டா, வேற மாத்திர போடுறியான்னு கேட்டாங்க. ரத்த டெஸ்ட்டுக்கு எழுதிட்டு, "பவுடர் சாப்ட்டத லேப்ல சொல்லு. இதால கிட்னி அளவு ஏறிக் காட்டும், சொல்லலன்னா ரிப்போர்ட்டப் பாத்து கிட்னி கெட்டுச்சுன்னு பயந்துடுவ"ன்னாங்க. மூச்சு வேகத்த அளக்குற குழாயில ஊதச் சொல்லி முள்ளப் பாத்தாங்க. தினம் போடுற பஃப் வேற, ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னாடி போடுறது வேறன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

நேரா ஜிம்முக்குப் போனேன். "எனக்கு வீசிங்னு தெரிஞ்சே குடுத்தல்ல?"

"ஒடம்பு வாகு இல்லாதவன் டப்பாவக் கொற சொல்லாத."

டப்பாவ அவன் காலடியில கவுத்துக் கொட்டினேன். "இந்தா, நீ தின்னு. தண்ணி மட்டும் குடிக்காத!" பசங்க என்ன இழுத்துட்டு வந்தானுங்க.

ரெண்டு மாசம் வெளிய உக்காந்து பல்லக் கடிச்சேன். ஊதிக் காட்டி, டாக்டரம்மா ஆடலாம்னதும் அடுத்த மேட்சுல எல்லார் கண்ணு முன்னாடியும் பஃப் அடிச்சேன்.

"பெட்ரோல் போடுறான்டா!"ன்னு எதிர் டீம்ல ஒருத்தன் கத்தினான்.

"உன் மூஞ்சிக்கும் வேணுமாடா?"ன்னு கேட்டுட்டு, கால் மணி நேரம் பாத்துக் கோட்டத் தாண்டினேன்.