முதலாளி தன் அக்காவுக்குச் சொன்னது

ராஜபாளையத்தில் ஒரு வரன் பார்க்கும் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால், எவனோ எங்கள் பாஸ்வேர்டைப் பிடித்து உள்ளே நுழைந்து, பதிந்திருந்த பெண்களின் போட்டோ, ஜாதகம், போன் நம்பர் எல்லாவற்றையும் இறக்கியிருந்தான்.

"எல்லாருக்கும் சொல்லிரணும் சார், சட்டமும் அதான் சொல்லுது" என்றேன்.

முதலாளி முறைத்தார். "சொன்னா பொறவு எவன் நம்மள நம்பிப் பொண்ணு போட்டோவக் குடுப்பான்? பேசாம பாஸ்வேர்ட மாத்து."

மறுநாளே வன்னியம்பட்டியிலிருந்து ஒரு அப்பா கூப்பிட்டார். "கண்ட பயலுவ எம்மகளுக்குப் போன் போட்டு அசிங்கமாப் பேசுதானுவ. நம்பர் உங்ககிட்ட இருந்துதான் போச்சா?"

முதலாளி என் கையிலிருந்து போனை வாங்கி, "எங்ககிட்ட எல்லாம் பத்திரமா இருக்குண்ணே" என்று குழைந்தார்.

வைத்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தன் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா மகளும் எங்களிடம் பதிந்திருந்தாள். "அக்கா, நம்ம ஆபீஸ்ல இருந்து போட்டோ, நம்பர் எல்லாம் திருட்டுப் போயிருச்சு. தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்தா எடுக்க வேண்டாம்னு புள்ளைட்ட சொல்லு."

தூ! தன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உண்மை.

அவர் சாப்பிடப் போனதும் அதே வார்த்தைகளை டைப் செய்தேன். "அக்கா"வை மட்டும் எடுத்துவிட்டு, கீழே ஆபீஸ் பெயரைப் போட்டு, பதிந்திருந்த அத்தனை வீட்டுக்கும் அனுப்பினேன். முதலில் வன்னியம்பட்டிக்கு.